மாசி மகம் போட்டோ போடறீங்களா? கிரெடிட், டேக் ரெண்டையும் சரியா போடற முறை

வைத்திக்குப்பம் கடற்கரையில தீர்த்தவாரி முடிஞ்ச சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப் எல்லாம் போட்டோவா கொட்டும், எது யார் எடுத்ததுன்னு தெரியாமலே இன்ஸ்டால ஏத்திடுவாங்க. இந்த தடவ எங்க தெரு பசங்க பக்கத்துக்கு நான்தான் போஸ்ட் போட்டேன், மூணு பேர் எடுத்த படங்க, அதுல செஞ்சத அப்படியே சொல்றேன்.

முதல்ல எடுத்தவர கண்டுபிடிங்க. ஃபைல் பேர்ல WA இருந்தா வாட்ஸ்அப்ல வந்தது, கேமரா உள்ள எழுதி வச்ச தகவல் அதுல இருக்காது. அனுப்பினவர்தான் எடுத்தவர்னு முடிவு பண்ணாதீங்க, அவருக்கே யாராவது ஃபார்வர்ட் பண்ணியிருப்பாங்க. ஒரிஜினல ‘டாக்குமெண்ட்’டா அனுப்ப சொல்லுங்க, அப்ப தகவல் அப்படியே வரும். அத பாக்க ஆன்லைன் சைட் எனக்கு புடிக்காது, அடுத்தவங்க படத்த எதுக்கு அங்க ஏத்தணும், exiftool இலவசம்தான்:

```
exiftool -Artist -Copyright -Model DSC_0412.JPG
```

Artist காலியா இருந்தாலும் Model காட்டிக் குடுத்துடும். எங்களுக்கு வந்ததுல ஒண்ணு நிக்கான், ஒண்ணு கேனான், ஒண்ணு போன், அதுலயே பிரிஞ்சிடுச்சு. அப்புறம் மூணு பேர்கிட்டயும் போடலாமான்னு கேட்டேன், பேர் போட்டுட்டா அனுமதி வாங்கின மாதிரி ஆயிடாது. காசு குடுத்து எடுக்க சொன்ன படம்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல உரிமை காசு குடுத்தவருக்கு போகும், ஆனா எடுத்தவர்னு சொல்லிக்கற உரிமை 1957 காப்புரிமைச் சட்டம் 57வது பிரிவுப்படி போட்டோகிராபர்கிட்டயேதான் இருக்கு.

இப்ப முக்கியமான இடம். பத்து படம் போட்டுட்டு கீழ ‘படங்கள்: மூணு பேர்’னு ஒரே வரியில எழுதினா எது யாருதுன்னு யாருக்கு தெரியும்? நான் ‘படம் 1, 4, 7’னு நம்பர் போட்டு பக்கத்துல @ அடிச்சு, கீழ வர லிஸ்ட்ல ப்ரொஃபைல் படத்த பாத்து ஐடிய தேர்ந்தெடுத்தேன், ஏன்னா ஒரு புள்ளியோ அடிக்கோடோ மாறினா வேற ஆளுக்கு போயிடும், வெறும் பேர் மட்டும் எழுதினா லிங்க்கே ஆகாது. கேப்ஷன் நீளமா இருந்தா மடங்கிடும், அதனால கிரெடிட்ட முதல் ரெண்டு வரியிலயே வைங்க.

டேக் வேற. கேப்ஷன்ல @ போட்டா அவருக்கு தகவல் போகும், படத்து மேல டேக் பண்ணாதான் அவரோட ப்ரொஃபைல்ல டேக் ஆன படங்கள் பக்கத்துல வரும். ஆளுங்க டேக்க அவங்கவங்க மேல வைங்க, போட்டோகிராபர் டேக்க ஓரமா வைங்க, சாமி தூக்கினவர் முகத்துல வச்சா அவர்தான் இவர்னு ஆயிடும். வரிசையா போடற படத்துல ஒவ்வொண்ணா ஸ்வைப் பண்ணி தனித்தனியா டேக் பண்ணணும்.

அப்டேட்: டேக் பண்ணியும் அவங்க ப்ரொஃபைல்ல வரலன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. அவங்க டேக்க கையால அப்ரூவ் பண்ற மாதிரி வச்சிருப்பாங்க, சில பேர் டேக்கையே மூடி வச்சிருப்பாங்க, அத மதிச்சு விட்டுடுங்க. ஃபேஸ்புக்ல டேக் பண்ணா அவங்க நண்பர்களுக்கும் அந்த போஸ்ட் தெரியலாம், அதனால கடல்ல நனைஞ்சு நிக்கற பொம்பளைங்க, புள்ளைங்க படம்னா வீட்டுல கேக்காம டேக் பண்ணாதீங்க.