மழை விளையாட்டுக்குக் குழந்தையைத் தயார்ப்படுத்தும்போது நேரும் தவறுகள்

விளையாடிவிட்டு வந்த குழந்தையின் மழைக்கோட்டைக் கழற்றினால், உள்ளே சட்டை ஈரமாக இருக்கிறது. கோட்டு ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, அடுத்த முறை இன்னும் தடித்த கோட்டு வாங்குகிறார்கள். குளிருமே என்று உள்ளே ஒரு ஸ்வெட்டரையும் சேர்க்கிறார்கள். ஈரம் குறைவதில்லை, கூடுகிறது. ஒன்றிலிருந்து மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு மழை உடை உடுத்துவதில் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. பல நேரங்களில் அந்த ஈரம் மழையே அல்ல, வியர்வை.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. மழை உள்ளே புகுந்திருந்தால் ஈரம் திட்டுத் திட்டாக இருக்கும்: தோள் தையல், ஜிப் ஓரம், மணிக்கட்டு, உட்காரும் இடம். வியர்வையாக இருந்தால் முதுகின் நடுப்பகுதி, மார்பு, பிடரி எல்லாம் ஒரே சீராக நசநசத்திருக்கும். முதலாவதற்குக் கோட்டை மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு உள்ளே இருப்பதைக் குறைக்க வேண்டும்.

ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பூச்சுள்ள கோட்டு வெளி நீரை உள்ளே விடாது, உடலிலிருந்து வரும் நீராவியையும் வெளியே விடாது. காற்றுப்புகும் வகை என்று விற்கப்படும் துணிகள் இதைவிட மேல்தான். ஆனால் அவையும் உள்ளே ஈரப்பதம் அதிகம், வெளியே குறைவு என்ற வேறுபாட்டை நம்பியே வேலை செய்கின்றன. வெதுவெதுப்பான மழைநாளில் வெளியிலும் ஈரப்பதம் நிறைந்திருப்பதால், அந்தத் துணிக்குக் கொடுத்த கூடுதல் விலைக்குப் பெரிய பலன் கிடைக்காது.

ஓடிக்கொண்டிருக்கும் வரை வியர்வையில் நனைந்த குழந்தைக்குக் குளிராது. ஆட்டம் நின்றதும்தான் சிக்கல். உடல் சூடு உண்டாக்குவது குறைகிறது, ஈரத்துணியோ சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கிறது. தேங்கி நிற்கும் காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சின்னக் குழந்தைக்கு எடையைப் பார்க்கத் தோல் பரப்பு அதிகம் என்பதால், பெரியவரைவிட விரைவாக உடல் குளிர்ந்துவிடும். சளி பிடிப்பது வைரஸால்தான், மழையால் அல்ல என்பது சரி. ஆனால் உடல் சில்லிட்டுப்போவது அதிலிருந்து வேறான, உண்மையான தொல்லை.

வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தை, சுமார் 16 டிகிரி, விடாத தூறல். பருத்திப் பனியன், அதன்மேல் பருத்தி டி-ஷர்ட், தடித்த ஸ்வெட்டர், ஜீன்ஸ், முழங்கால் வரை மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ். ஜீன்ஸின் கால்கள் பூட்ஸுக்குள் செருகப்பட்டிருக்கின்றன. குழந்தை முதலில் கோட்டோடு ஓடுகிறது, முதுகு வியர்க்கிறது. பிறகு குட்டையைக் கண்டதும் குந்துகிறது. கோட்டு மேலேறி, பின்புறம் நேராகத் தண்ணீரில் படுகிறது. ஜீன்ஸ் அந்த ஈரத்தை உறிஞ்சித் தொடை வரை பரப்புகிறது. கோட்டில் விழும் மழையும் ஓரத்திலிருந்து முழங்காலில் சொட்டி, ஜீன்ஸ் வழியாகப் பூட்ஸுக்குள் இறங்குகிறது. சாக்ஸ் நனைந்தபின் பூட்ஸ் ஒரு சிறு தொட்டி. வீடு திரும்பத் தள்ளுவண்டியில் அசையாமல் உட்காரும்போதுதான் நடுக்கம் தொடங்குகிறது.

அதே குழந்தை, அதே தூறல். உடலை ஒட்டி ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும், பாலியெஸ்டரிலோ மென்கம்பளியிலோ. பருத்தி வேண்டாம். நனைந்தால் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு கதகதப்பைத் தக்கவைக்கும், பாலியெஸ்டர் சீக்கிரம் உலரும். இந்த வெப்பநிலையில் அசைந்து விளையாடும் குழந்தைக்கு இந்த ஓர் அடுக்கு பெரும்பாலும் போதும். 10 டிகிரிக்குக் கீழே போனால் நடுவில் ஒரு மெல்லிய ஃபிளீஸ் சேர்க்கலாம். இவற்றின்மேல் தோளில் மாட்டும் வார் உள்ள மழைப் பேன்ட். மார்பு வரை ஏறி நிற்பதால் குந்தினாலும் முதுகு திறக்காது. அதன்மேல் இடுப்பு வரையிலான மழைச்சட்டை. பேன்ட்டின் கால்கள் பூட்ஸுக்கு வெளியே விழ வேண்டும், பாதத்தின் அடியில் மாட்டும் எலாஸ்டிக் இருந்தால் அவை மேலேறாது. கூரை ஓடு வேய்வதுபோல மேலே உள்ளது கீழே உள்ளதன் வெளிப்புறத்தில் அமைந்தால், தண்ணீருக்கு உள்ளே போக வழியில்லை.

டயப்பரை மறந்துவிடுகிறார்கள். நனைந்த டயப்பர் உடலோடு ஒட்டிய ஈர அடுக்குதான், எந்த மழைப் பேன்ட்டும் அதைத் தடுக்காது. தோள்வார் உள்ள பேன்ட்டை வெளியில் வைத்துக் கழற்றி மாட்டுவதும் பெரும்பாடு. அதனால் கிளம்புவதற்குச் சற்று முன் மாற்றிவிடுங்கள்.

அளவில் இரு பக்கமும் தவறு நேர்கிறது. அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கினால், பேன்ட் காலில் சிக்கி விழவைக்கும், நீண்ட கைகள் விரல்களை மூடிவிடும். இறுக்கமாக இருந்தால் கையைத் தூக்கியதும் சட்டை மேலேறும், உள்ளே சூட்டைக் காக்கும் காற்றுக்கும் இடமிருக்காது. வாங்கும்போது மூன்று அசைவுகளைச் செய்யச் சொல்லுங்கள்: குந்துதல், இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குதல், ஒரு படி ஏறுதல். குந்தும்போது முழங்காலிலும் கவட்டிலும் துணி இழுபடக் கூடாது. பூட்ஸில் விரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடமிருந்தால் போதும். அதைவிடப் பெரிதானது குட்டைச் சேற்றிலேயே நின்றுவிடும், பாதம் மட்டும் வெளியே வரும்.

தொப்பி வேறு கதை. கோட்டோடு தைத்த தொப்பி குழந்தை தலையைத் திருப்பும்போது கூடத் திரும்புவதில்லை, கண்ணை மறைக்கிறது. அதனால்தான் பிடுங்கி எறிகிறது, அடம் என்று திட்டுகிறோம். தூறலுக்கு முன்விளிம்புள்ள நீர்புகாத் தொப்பி நல்லது. கழுத்தில் நாடா உள்ள கோட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். சறுக்குமரத்திலோ வேலியிலோ சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும்.

குளிர்கிறதா என்று விரலைத் தொட்டுப் பார்ப்பதும் ஏமாற்றும். நீரில் விளையாடும் கை சில்லென்றுதான் இருக்கும். பிடரிக்குக் கீழே, தோள்பட்டைகளுக்கு நடுவில் கையை விட்டுப் பாருங்கள். உலர்ந்து கதகதப்பாக இருந்தால் விளையாட விடலாம். சூடும் ஈரமுமாக இருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள் அல்லது ஜிப்பைச் சற்று இறக்குங்கள். சில்லென்றிருந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. நடுங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே உள்ளே கொண்டுபோய் ஈர உடையைக் களைந்து போர்த்துங்கள். வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து அமைதியாகிவிட்டால் மருத்துவ உதவியும் தேவை.

வெப்பமான மழைநாளுக்கு இவ்வளவு ஏற்பாடும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. 27, 28 டிகிரியில் இடியும் காற்றும் இல்லாமல் பெய்யும்போது, முழு மழை உடை குழந்தையை வேகவைக்கும். மெல்லிய உடையோடு நனைய விட்டு, ஆட்டம் நின்ற உடனே துவட்டி மாற்றிவிடலாம். எந்த வானிலையிலும் உலர்ந்த உடை, சாக்ஸ், துண்டு மூன்றையும் ஒரு பையில் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீடு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் அந்தப் பயண நேரத்தில்தான் குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.