காலையில் டிவியில் வைஃபை இல்லையா? ரவுட்டர் சுவிட்சைத் தொடும் முன்

ராத்திரி படம் பார்த்துவிட்டு ரிமோட்டில் அணைத்த டிவி. காலையில் போட்டால் நெட்வொர்க் இல்லை என்கிறது. வேலூர்ப் பக்கம் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான்: யாராவது எழுந்துபோய் ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். படம் வந்துவிடும். மறுநாள் காலையில் திரும்பவும் அதே பாடு. சில வாரம் கழித்து ரவுட்டர் கெட்டுப்போச்சு என்று முடிவுகட்டி, புது ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போவார்கள்.

இதில் முதல் தவறு, கோளாறு கண்முன் இருக்கும்போதே அதைப் பார்க்காமல் அழித்துவிடுவது. ரவுட்டரை அணைத்துப் போட்டதும் எல்லாம் புதிதாகத் தொடங்கிவிடுகிறது. எது பிசகியது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடுகிறது. ஃபேக்டரி ரீசெட் இன்னும் மோசம். எல்லா ஆப்பிலும் மறுபடி உள்ளே நுழைய வேண்டும், பாஸ்வேர்டுகளைத் தேட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் மூன்றாம் நாள் பிரச்சினை திரும்பி வரலாம்.

ரிமோட்டில் அணைக்கும்போது டிவி முழுதாக அணைவதில்லை. நினைவகம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் ஓய்வுக்குப் போகிறது. இதைத்தான் ஸ்டாண்ட்பை என்கிறோம். எழும்போது விட்ட இடத்திலிருந்து தொடரப் பார்க்கும். இடைப்பட்ட நேரத்தில் ரவுட்டர் வேறு வைஃபை சேனலுக்கு, அதாவது அலைவரிசைக்குள் வேறு பாதைக்கு, மாறியிருக்கலாம். ரவுட்டர் டிவிக்குக் கொடுத்த ஐபி முகவரி வேறு கருவிக்குப் போயிருக்கலாம். டிவியின் வைஃபை சிப்பே எழாமல் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று டிவியின் திரையே சொல்லும்.

அதனால் எதையும் அணைக்காமல் செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து, வைஃபை பெயர்ப் பட்டியலைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பட்டியலே காலியா? பக்கத்து வீட்டுப் பெயர்கள் இருந்து நம் பெயர் மட்டும் இல்லையா? நம் பெயரில் இணைந்திருந்தும் இன்டர்நெட் இல்லை என்கிறதா? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அக்கம்பக்கம் தெரிகிறது, நம் வீடு மட்டும் தெரியவில்லை

சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் இதைப் பார்த்தேன். மகன் பெங்களூரில், அம்மா மட்டும் வீட்டில். "ராத்திரி நல்லாத்தான் ஓடுது தம்பி. காலைல போட்டா நெட்டு இல்லன்னுது. இன்னா பண்றதுன்னே தெரியல. டப்பாவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துடுது" என்றார். ரவுட்டர் அதே ஹாலில், டிவியிலிருந்து பத்தடிகூட இல்லை. சிக்னல் குறைவு என்று சொல்ல இடமே இல்லை.

காலையில் அவர் டப்பாவைத் தொடுவதற்கு முன் போய்ப் பார்த்தபோது, டிவியின் பட்டியலில் அக்கம்பக்கத்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவர் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை. ஆனால் அவர் போன் அதே வைஃபையில் இணைந்திருந்தது. பல ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையில் வைஃபை தரும். அந்த டிவிக்கு அவர் மகன் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைத்தான் கொடுத்து வைத்திருந்தார். போனில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தோம் (உங்கள் ரவுட்டருக்கு இந்த எண் வேறாக இருக்கலாம், பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் பாருங்கள்). 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் Channel என்ற இடத்தில் Auto என்றிருந்தது. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த சேனல் 100.

விஷயம் அங்கேதான். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையிலான சேனல்கள் ரேடார் தொடர்பான நிபந்தனை இல்லாமல் ஓடுபவை. 52 முதல் 144 வரையிலானவற்றை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அதனால் அந்தச் சேனலில் பேசத் தொடங்கும் முன் ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ரேடார் கேட்டால் இடத்தைக் காலிசெய்ய வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பல டிவிகள் அந்தச் சேனல்கள் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. போன்கள் பார்க்கும்.

அந்த ரவுட்டர் ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் 36-ஐ எடுத்தது. ராத்திரியில் Auto அதைத் தன் கணக்குப்படி 100-க்கு நகர்த்தியது. நகரும் முன் ரவுட்டர் அறிவிப்புக் கொடுக்கும், விழித்திருக்கும் போன் கூடவே போய்விடும். தூங்குகிற டிவிக்கு அந்த அறிவிப்பு எட்டாது. எழுந்து தேடும்போதும் 100-ஐ அது பார்க்காது. அம்மா டப்பாவை அணைத்துப் போட்டதும் ரவுட்டர் மறுபடி 36-க்கு வந்துவிடும், டிவி இணைந்துவிடும். ரவுட்டரும் கெடவில்லை, டிவியும் கெடவில்லை.

Auto-வை எடுத்துவிட்டு 36 என்று நிறுத்தி, சேனல் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸில் வைத்தோம். அகலம் முக்கியம். 160 என்று வைத்தால் 36-இல் தொடங்கினாலும் 64 வரை பரவி, ரேடார் சேனல்களுக்குள்ளேயே போய்விடும். அதன்பிறகு அந்த வீட்டில் காலைப் பிரச்சினை இல்லை. நெட் நிறுவனம் கொடுத்த சில பெட்டிகளில் இந்தப் பக்கம் பூட்டியிருக்கும். அப்போது அவர்களிடமே சேனலை 36-இல் நிறுத்தித் தரச் சொல்லலாம். முடியாதென்றால் டிவியை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

இங்கே இன்னொரு தவறையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, எது நல்லதோ அதை டிவி எடுத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது. ஒரே பெயரில் இருக்கும்போது பல ரவுட்டர்கள், 2.4-இல் கேட்கும் கருவியை ஒன்றிரண்டு முறை மறுத்து 5-க்குத் தள்ளப் பார்க்கும். போன் புரிந்துகொண்டு மாறிவிடும். தூக்கத்திலிருந்து எழுந்த டிவி மறுப்பைக் கண்டதும் தேடுவதையே நிறுத்திவிடலாம். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, டிவிக்கு ஒன்றை மட்டும் கொடுங்கள். வேண்டாத பெயரை டிவியின் நினைவிலிருந்து நீக்கிவிடுங்கள். காட்பாடியில் மாணவர்கள் தங்கும் அறைகள் நெருக்கமாக இருக்கும் தெருக்களில் 2.4 நெரிசலாகத்தான் இருக்கும். அங்கே 1, 6, 11 மூன்றில் காலியானதைப் பார்த்து நிறுத்துங்கள்.

பட்டியலே காலி

பக்கத்து வீட்டுப் பெயர்கூட வரவில்லை என்றால் ரவுட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிவியின் வைஃபை சிப் தூக்கத்திலிருந்து எழவில்லை. இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. பெரும்பாலான டிவிகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில் இருக்கும். ரிமோட்டின் மைக் பட்டன் புளூடூத்தில் வேலை செய்வது. பட்டியல் காலியாக இருக்கும் அதே நேரத்தில் மைக் பட்டனும் பேசவில்லை என்றால் சிப்தான் என்று கிட்டத்தட்ட முடிவே செய்யலாம்.

இப்போதைக்கு டிவியை முழுதாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பல டிவிகளில் ரிமோட்டின் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் ரீஸ்டார்ட் வரும். வராவிட்டால் சுவரில் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விடுங்கள். சுவிட்சை அணைத்து உடனே போடுவது போதாது, உள்ளே கண்டன்சர்களில் தேங்கிய மின்சாரத்தில் சிப் பழைய நிலையிலேயே இருந்துவிடும்.

நிரந்தரத் தீர்வு, சீக்கிரம் எழும் வசதியை அணைப்பது. எல்ஜியில் Quick Start+ என்றிருக்கும். மற்ற கம்பெனிகளில் பெயர் கொஞ்சம் மாறும், பவர் அல்லது ஜெனரல் பகுதியில் தேடுங்கள். இதை அணைத்தால் டிவி ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும், சிப்பும் புதிதாக எழும். படம் வர முன்பைவிடக் கூடுதல் நேரம் ஆகும். போனிலிருந்து டிவியை எழுப்பும் வசதி இருந்தால், அதற்கு ஸ்டாண்ட்பையிலும் வைஃபை விழித்திருக்க வேண்டும் என்பதால் அதையும் இழக்க நேரலாம். சாம்சங்கில் அதன் பெயர் Power On with Mobile. பயன்படுத்தாதவர்கள் அதையும் அணைத்துவிடலாம். டிவி சாஃப்ட்வேர் அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். இந்த வகைக் கோளாறு பல நேரம் அப்டேட்டிலேயே தீர்கிறது.

கரண்ட் போய் வந்தபின்

இணைந்திருக்கிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்று வருவது பெரும்பாலும் கரண்ட் போய் வந்தபின். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் இந்தப் புகார் நிறைய வரும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், டிவி மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருக்கும். கரண்ட் வந்ததும் மூன்றும் ஒன்றாகக் கிளம்பும். டிவி முதலில் தயாராகிவிடும். ரவுட்டருக்குச் சில நிமிடம் பிடிக்கும். சேனல் 52 முதல் 144-க்குள் என்றால் அந்த ஒரு நிமிடக் காத்திருப்பும் சேரும். டிவி தேடுகிற நேரத்தில் வைஃபை இருக்காது. இருந்தாலும் உள்ளே நெட் வந்திருக்காது.

வரிசை இதுதான். டிவியின் பிளக்கை எடுத்துவிடுங்கள். முதலில் ஃபைபர் பெட்டி. PON விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிய வேண்டும், LOS விளக்கு சிவப்பாக இருக்கக் கூடாது. LOS சிவப்பென்றால் கோளாறு பெரும்பாலும் வெளியே கேபிளில், ரவுட்டரையோ டிவியையோ தொட்டுப் பயனில்லை, புகார் கொடுங்கள். விளக்கு சரியானபின் ரவுட்டர் (இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால் இந்தப் படி இல்லை). பிறகு போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் ஏதாவது வீடியோ போட்டுப் பாருங்கள். டேட்டாவை அணைக்காமல் பார்ப்பது நிறையப் பேர் செய்யும் தவறு. வைஃபையில் நெட் இல்லாதபோது போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும், நீங்களும் நெட் இருக்கிறது, டிவிதான் சரியில்லை என்று நினைத்துவிடுவீர்கள். போனில் ஓடினால் மட்டும் கடைசியாக டிவி.

ரவுட்டரை மட்டும் இன்வெர்ட்டரிலோ சின்ன யுபிஎஸ்ஸிலோ மாற்றிவிட்டால் இந்த வரிசைக்கே பெரும்பாலும் அவசியம் வராது.

வரிசைப்படி செய்தும் இன்டர்நெட் இல்லை என்றால் டிவியின் தேதியைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கியதில் பழைய வருடத்துக்குப் போயிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஒத்துப்போகாமல் ஆப் எதுவும் திறக்காது. தேதியைக் கையால் சரிசெய்தால் போதும். தேதி சரியென்றால் டிவியில் வைஃபையை அணைத்துப் போட்டு முகவரியைப் புதிதாக வாங்கச் செய்யுங்கள். அடிக்கடி வந்தால் ரவுட்டர் பக்கத்தில் முகவரிகளை ஒதுக்கும் டிஹெச்சிபி பகுதிக்குப் போய், டிவியின் அடையாள எண்ணான மேக் எண்ணுக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். ரவுட்டர் அதை வேறு கருவிக்குக் கொடுக்காது.

சிப் எழாத கோளாறு Quick Start+ அணைத்து, அப்டேட் போட்டபின்னும் தொடர்ந்தால், போர்டு மாற்றச் செலவழிக்கும் முன் டிவியின் பின்னால் லேன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்துக்கொள்ளலாம். பல டிவிகளில் அந்தத் துளையின் வேகம் 100 எம்பிபிஎஸ்தான். 4கே படத்துக்குச் சுமார் 25 போதும்.