பம்பு மூடியை ஒரே ஓட்டத்தில் எத்தனை போடுவது?

எங்கள் மோல்டிங் பட்டறையில் டை மாற்றுவது பெரிய வேலை என்று, பம்பு மூடியை ஒரே மூச்சில் 30,000 ஓட்டிவிடுவோம். கிடங்கில் நடக்க இடமில்லாமல் போனதும் கணக்குப் போட்டேன்.

வருடத் தேவை 60,000. ஒரு டை மாற்றத்துக்குக் கூலி, பேரலைக் கழுவக் கொட்டும் பிளாஸ்டிக், ஆரம்பக் கழிவு எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். ஒரு மூடியை வருடம் முழுக்க வைத்திருக்க 2.25 ரூபாய். தினம் 1,000 ஓட்டும்போதே 200 விற்றுப்போகிறது; இருப்பில் ஏறுவது 800தான். அந்த 800 ÷ 1000 = 0.8-ஐ விட்டுவிடவே கூடாது. டை மாற்றச் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்து மிகக் குறைவாக வரும் ஓட்ட அளவு:

√(2 × 60000 × 1500 ÷ (2.25 × 0.8)) = 10,000

இப்போது வருடத்துக்கு ஆறு தடவை டை மாற்ற 9,000, இருப்புக்கு 9,000. முன்பு இரண்டும் சேர்ந்து 30,000 ஆனது. அவசர ஆர்டர் வந்து 8,000-லேயே நிறுத்தினாலும் பதற வேண்டாம், வருடச் செலவு 450 ரூபாய்தான் கூடும்.