குடிக்கிற நண்பனிடம் பேசப் போய் நான் செய்த தவறுகள்

"இனிமேல் தொடமாட்டேன்னு உன்ற பொண்ணு தலைல கை வெச்சுச் சத்தியம் பண்ணு" என்றேன். பண்ணினான். பதினோராம் நாள் குடித்தான். அதற்கப்புறம் நாலு மாதம் என் போனையே எடுக்கவில்லை.

பெயர் வேண்டாம், மாப்ள என்றே வைத்துக்கொள்வோம். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிடுவோம். பல்லடம் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறவன்.

சத்தியம் வாங்கினால் என்ன தப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தானாக மனசு வந்து கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொள்கிறவன் கதை வேறு. நாலு பேர் சுற்றி நின்று வாங்குகிற சத்தியம், அவன் தப்பித்துக்கொள்ளச் சொல்கிற சொல். அது உடைந்த அன்றைக்கு, குடித்த குற்றத்தோடு பிள்ளை தலையில் பொய்ச் சத்தியம் செய்த குற்றமும் சேர்ந்துகொள்கிறது. அந்த அவமானத்தை மறக்க இன்னொரு குவார்ட்டர். அப்புறம் அவன் ஒளிய வேண்டிய முதல் ஆள், சத்தியம் வாங்கிய நீங்கள்.

சத்தியம் வாங்கிய இடமும் நேரமும் அதைவிட மோசம். மாரியம்மன் நோம்பி ராத்திரி, ஒரம்பரை நிறைந்த வீடு, அவன் நல்ல போதையில் இருந்தான். அளவு மீறிக் குடித்தவன் தெளிவாகப் பேசுவதுபோலவே இருக்கும், ஆனால் மூளை அதைப் பதிந்து வைத்துக்கொள்ளாது. நான் உருகி உருகிப் பேசியதில் பாதி, காலையில் அவனுக்கு நினைவே இல்லை. நினைவில் நின்றது ஒன்றுதான்: "உன் வூட்டுக்காரி என்கிட்ட அழுவறா" என்று நான் சொன்னது. மறுநாள் அவளிடம் சண்டை போட்டிருக்கிறான். அடுத்தவர் சொன்னதை எடுத்துக்கொண்டு போய்ப் பேசினால், அடி சொன்னவர் மேல்தான் விழும்.

இரண்டாவது முறை நானே அவன் தறிக்குடோனுக்குப் போனேன். மாதம் ஒருமுறை பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துவார்களே, அந்த நாள். தறி ஓடும்போது அங்கே கத்தினாலும் காது கேட்காது. அன்றைக்கு வேலையும் இல்லை, ஆளும் இல்லை. பகல் பதினொரு மணி. மூச்சில் லேசாக வாடை இருந்தது, ஆனால் பேச்சு நிதானமாக இருந்தது.

இந்த முறை நானே கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். "மாப்ள, நூல் எடுக்கப் போனப்ப வண்டிய நீதான் ஓட்டுன. ரெண்டு தடவ லாரிய ஒட்டிப் போயிட்ட. எனக்குப் பயமாயிருச்சு." அவ்வளவுதான். 'குடிகாரன்', 'குடும்பம்', 'மானம்' எதுவும் இல்லை. பட்டம் கட்டினால் அவன் பட்டத்தோடு மல்லுக்கு நிற்பான். நடந்ததை நடந்தபடி சொன்னால் மறுக்க ஒன்றுமில்லை. அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். சொல்வதைவிட அதுதான் கஷ்டம்.

"நீ மட்டும் குடிக்கறதில்லையாக்கும்?" என்றான். "நான் அளவா..." என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அன்றைய பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். "குடிக்கறேன். அதனாலதான் இதச் சொல்ல எனக்கே கூச்சமா இருக்குது" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே ஆரம்பித்தான். கூலி கட்டுபடியாகவில்லை, தூக்கம் வருவதில்லை.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறோம். "அதுக்குக் குடிச்சா எல்லாம் சரியாயிருமா?" என்று கேட்டுவிடுகிறோம். அது கேள்வி இல்லை, கொட்டு. குடிக்கிறவன் மனசுக்குள் விடணும் என்ற பேச்சும் இருக்கும், வேண்டாம் என்ற பேச்சும் இருக்கும். நாம் ஒரு பக்கம் நின்று இழுத்தால் அவன் மறுபக்கம் போய் நின்றுகொள்வான். குடிக்கான நியாயத்தை அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிடுவோம். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-ல் எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்கிய பேச்சுமுறைக்கு இதுதான் அடிப்படை. எனக்கு அது தெரியவந்தது பிற்பாடு. அன்றைக்கு அவன் சொன்னதையே திருப்பிக் கேட்டேன்: "தூக்கமே வர்றதில்லையா?"

"குடிச்சாத் தூங்கிருவேன். ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும். அப்புறம் கை நடுங்குது. வெள்ளெனவே ஒரு கட்டிங் போட்டாத்தான் அறுந்த இழையப் புடிச்சு முடி போட முடியுது."

கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. காலை நடுக்கமும், குடித்தால் அது அடங்குவதும், உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டதற்கு அடையாளம். இந்த நிலையில் "இன்னையோட நிறுத்து, இல்லாட்டி நம்ம சகவாசம் முடிஞ்சது" என்று கெடு வைப்பது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள் போனதும் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில் மாத்திரை கொடுத்து நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் இந்தக் கட்டம் தாண்டிவிடும்.

இதை எப்படிச் சொன்னேன் என்பதும் முக்கியம். ஒரு குவார்ட்டரில் 180 மில்லி, அதில் சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம் என்று கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தேன். எடுத்திருந்தால் அது பாடம் ஆகியிருக்கும், அவன் கணக்கில் தப்புக் கண்டுபிடித்திருப்பான். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு சொல்லட்டுமா?" என்றேன். "சொல்லு" என்றான். "கை நடுங்குதுன்னா நீயாத் திடீர்னு நிறுத்தாத, அது ஆபத்து. பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவுல இதுக்குப் பாக்கறாங்க. போகக் கூச்சமா இருந்தா 14416-னு மனநல உதவி நம்பர் இருக்குது, அதுக்குப் போன் பண்ணு, தமிழ்லயே பேசுவாங்க." அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவன் அக்கா ஒரு பொடி வாங்கி வைத்திருந்தார், சோற்றில் தெரியாமல் கலக்க. நல்ல எண்ணம்தான். ஆனால் இப்படி விற்பதில் சிலவற்றில் டைசல்பிரம் என்ற மருந்து இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் விழுவது என்று போய், சில நேரம் உயிரே போகும். அந்த மாத்திரையை டாக்டர் கொடுத்து, குடிக்கிறவருக்கும் தெரிந்துதான் சாப்பிட வேண்டும். அக்காவிடம் நேராகச் சொல்லித் தூக்கிப் போட வைத்தேன்.

வண்டி விஷயத்தில் மட்டும் நான் வளைந்து கொடுக்கவில்லை. "நீ குடிச்சிருந்தா நான் பின்னாடி ஏறமாட்டேன். கூப்பிடு, நானே வந்து ஓட்டறேன்" என்றேன். இது கெடு இல்லை. அவன் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, நான் என்ன செய்வேன் என்றுதான் சொன்னேன். சொன்னபடி இரண்டு தடவை ராத்திரியில் போய்க் கூட்டி வரவும் வேண்டியிருந்தது.

அன்றைக்கு அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாலு மணிக்குக் கரண்ட் வந்தது, தறி ஓட ஆரம்பித்தது, நான் கிளம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் காலையில் போன். "நீ சொன்ன எடத்துக்குப் போலாமா? நீயும் வா. ஆனா டாக்டர்கிட்ட நீ வாயத் தொறக்கக் கூடாது."

போனோம். திறக்கவில்லை.

ஆடி நோம்பிக்கு மறுபடி குடித்தான். இந்தத் தடவை மறுநாள் காலையில் அவனே எனக்குப் போன் செய்து சொன்னான்.