பேண்டு வாசித்துப் போன அந்த மார்ச் எது? முதல் எட்டு ஸ்வரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

அணிவகுப்பிலோ பள்ளி அசெம்பிளியிலோ பேண்டு ஒரு மெட்டை வாசித்துவிட்டுப் போகும், எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்கும், பெயர் மட்டும் வராது. உடனே எல்லாரும் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷாசாம் செயலியைத் திறப்பார்கள். அது பெரும்பாலும் கைகொடுக்காது, ஏனென்றால் அது தேடுவது மெட்டை அல்ல, ஏற்கெனவே பதிவான ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவை. உங்கள் முன்னால் நேரடியாக வாசிக்கிற பேண்டின் பதிவு அதனிடம் இருக்காதே. அதனால் மெட்டை நாம்தான் பிடிக்க வேண்டும்.

1. முதலில் காலைக் கவனியுங்கள்

அணி நடக்கும்போது இடது, வலது என்று எண்ணுங்கள். 10 விநாடியில் சுமார் 20 அடி விழுந்தால் அது வழக்கமான வேக நடை மார்ச். அப்புறம் ஒவ்வொரு அடிக்குள்ளும் என்ன ஓடுகிறது என்று வாயால் சொல்லிப் பாருங்கள். ‘தகதிமி’ பொருந்துகிறதா, ‘தகிட’ பொருந்துகிறதா? தகிட என்றால் துள்ளல் இருக்கும். அமெரிக்க மார்ச் இசையமைப்பாளர் சூசாவின் ‘வாஷிங்டன் போஸ்ட்’ (1889) அந்த வகை. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி மார்ச்சுகள் கழிந்துவிடும்.

2. மெட்டு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

நான் முதலில் சறுக்கியது இங்கேதான். பேண்டு பக்கத்தில் வரும்போது போனை நீட்டினேன், எனக்கு நேராக வந்தது யூஃபோனியம் என்ற கனத்த குரல் கொண்ட பித்தளைக் கருவிகளின் வரிசை. அது மெட்டுக்கு எதிராக வேறொரு பாட்டையே வாசிக்கும், கேட்க அவ்வளவு அழகாக இருக்கும், அதையே வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டு வந்து தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. முக்கிய மெட்டு பெரும்பாலும் கார்னெட்டிடமோ டிரம்பெட்டிடமோதான் இருக்கும். பேண்டு சற்றுத் தள்ளி இருக்கும்போது பதிவு செய்தால் எல்லாம் கலந்து, மெட்டு மேலே தெரியும்.

ஆரம்பத்தில் எல்லாரும் சேர்ந்து உரக்க முழங்குகிற சில அடிகளை விட்டுவிடுங்கள், அது வெறும் முன்னுரை. மெட்டின் ஒரு பகுதி பெரும்பாலும் 32 காலடி வைக்கிற நேரம் ஓடும், அதை இரண்டு முறை வாசிப்பார்கள், ஆகவே முதல் தடவை தவறவிட்டாலும் பரவாயில்லை.

3. ஏற்ற இறக்கத்தை எழுதுங்கள்

ஸ்வரம் தெரிய வேண்டியதில்லை. முந்தைய ஒலியைவிட மேலே போனால் U, கீழே வந்தால் D, அதே இடத்தில் நின்றால் R, முதல் ஒலிக்கு ஒரு நட்சத்திரக் குறி. எட்டு ஒலி போதும்.

ஓர் உதாரணம். உங்கள் பதிவில் முதலில் இரண்டே ஒலி, ஒன்று மேலே, ஒன்று கீழே, யாரையோ கூப்பிடுகிற மாதிரி. சின்ன இடைவெளி. பிறகு கீழே இருந்த அதே ஒலியில் தொடங்கி இரண்டு படி ஏறி, திடீரென்று ஒரு தாவு, தாவிய இடத்திலேயே இன்னொரு முறை, அப்புறம் ஒரு இறக்கம். சங்கராபரணத்தில் பாடினால் ப க, க ம ப, மேல் க, மேல் க, மேல் ச. எழுதினால்:

```
*DRUUURD
```

அடியில் ‘தகதிமி’ பொருந்துகிறதா? பொருந்தினால் அது அநேகமாக ‘கர்னல் போகி’, 1914-இல் கென்னத் ஆல்ஃபர்ட் என்ற புனைபெயரில் வெளிவந்த மார்ச். அந்த முதல் இரண்டு ஒலியைப் பற்றி ஒரு கதை உண்டு: கோல்ஃப் ஆடிய ஒருவர் முன்னால் நிற்பவர்களை எச்சரிக்கக் கத்தாமல் அப்படி விசில் அடிப்பாராம்.

4. தேடுங்கள், பிறகு சரிபாருங்கள்

இந்தக் குறியீட்டை Musipedia போன்ற தளத்தில் இடலாம், அல்லது கூகுள் செயலியின் பாட்டுத் தேடலில் 10-15 விநாடி முணுமுணுக்கலாம். முணுமுணுக்கும்போது டிரம்மையும் சேர்த்து ‘டும் டும்’ போடாதீர்கள், மெட்டு மட்டும்.

வருகிற பெயரை அப்படியே நம்ப வேண்டாம். எட்டு ஒலியின் வடிவம் வேறு பாட்டுக்கும் ஒத்துப்போகலாம். ஏதாவது ஒரு ராணுவ பேண்டின் பதிவைப் போட்டு, உங்கள் பதிவோடு இரண்டாம் பகுதியையும் ஒப்பிடுங்கள். அதுவும் பொருந்தினால் சரி.

இதே மெட்டுக்கு ‘ரிவர் குவாய் மார்ச்’ என்ற பெயரும் தேடலில் வந்து குழப்பும். 1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தில் சிப்பாய்கள் விசிலடிப்பது கர்னல் போகி. ரிவர் குவாய் மார்ச் என்பது அதோடு சேர்ந்து ஒலிக்கும்படி அந்தப் படத்தின் இசையமைப்பாளர் மால்கம் ஆர்னால்ட் எழுதிய வேறொரு மெட்டு. சில பதிவுகளில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக வரும், அப்போது அந்த இரண்டு ஒலி இறக்கம் எந்தக் கருவியில் கேட்கிறது என்று தேடுங்கள், கர்னல் போகி அங்கேதான் இருக்கிறது.