பால் ஏன் திடீரென்று பொங்குகிறது?

அரை லிட்டர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, சூடேறும்போது பாத்திரத்தின் ஓரத்தைக் கவனியுங்கள். முதலில் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசை கட்டும். நடுவில் மெல்லிய சுருக்கம் விழும். அதுதான் ஆடை.

சூட்டில் மேற்பரப்பில் உள்ள நீர் ஆவியாகப் போக, அங்கே புரதம் அடர்த்தியாகிறது. சுமார் 70 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் பாலில் உள்ள மோர்ப் புரதங்கள் சுருள் அவிழ்ந்து, கேசீன் என்ற இன்னொரு புரதத்தோடு ஒட்டிப் பின்னிக்கொள்கின்றன. மேலே மிதந்து வரும் கொழுப்பும் அதில் சிக்குகிறது.

தண்ணீர் கொதிக்கும்போது குமிழிகள் மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலில் அப்படி இல்லை. ஒவ்வொரு குமிழியின் மேலும் புரதம் படலமாகப் படிவதால் அது லேசில் உடையாது. போதாததற்கு ஆடை வேறு மூடி போல நீராவியைத் தடுக்கிறது. கொதிநிலை வந்ததும் அடியிலிருந்து நீராவி சரசரவென்று கிளம்ப, உடையாத குமிழிகள் நுரையாக அடுக்கி, சில நொடிகளில் விளிம்பைத் தாண்டிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? பாதி அளவுக்கு மேல் ஊற்றாமல் அகலமான பாத்திரத்தில் காய்ச்சுங்கள். ஓரத்தில் குமிழி கட்டியதும் தீயைக் குறைத்து, அடி வரை கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள், ஆடை கட்டாது. பாத்திரத்தின் குறுக்கே மரக்கரண்டி வைப்பது கொஞ்ச நேரம்தான் தாங்கும், தீ பெரிதாக இருந்தால் அதையும் மீறிப் பொங்கிவிடும். கெட்டியான ஆடை வேண்டுமென்றால், இறக்கிய பிறகு கிளறாமல், மூடாமல் ஆற விடுங்கள்.