பெட்டியைத் துழாவி முடிக்காமல் பாரம் எழுதாதீர்கள்

தோட்டத்தில் கிராணியாக இருந்தவன் நான். அதனால் சுங்கை சிப்புட்டில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், காரியம் முடிந்த சில நாளில் ஒரு பிளாஸ்டிக் பை என் மேசைக்கு வந்துவிடும். பைக்குள் பேங்க் புத்தகம், கூட்டுறவுச் சங்கப் பங்குச் சான்றிதழ், மங்கிப்போன ரசீதுகள் எல்லாம் கிடக்கும். வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்குள்ளேயே தவறைச் செய்து முடித்திருப்பார்கள். பணம் தொலைந்திருக்காது. அதை எடுக்கப் போகும் வரிசைதான் மாறிப்போயிருக்கும்.

பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒருவரின் குடும்பத்தைச் சொல்கிறேன். அவர் 2021-இல் காலமானார். மனைவி, மூன்று பிள்ளைகள், டவுனில் அவர் பெயரில் ஒரு மலிவு விலை வீடு. உயில் கிடையாது. வீட்டுப் பட்டாவை மாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் சிறு சொத்துப் பங்கீட்டுக்கான ‘ஏ’ பாரத்தைப் பூர்த்தி செய்து நில அலுவலகத்தில் கொடுத்தார்கள். விசாரணை நடந்தது, பிள்ளைகள் சம்மதித்தார்கள், 2022-இல் வீடு அம்மா பெயருக்கு மாறியது. மறு வருஷம் சாமி மேடைக்குக் கீழே இருந்த பிஸ்கட் டின்னில் ஒரு பேங்க் புத்தகம் அகப்பட்டது. கடைசிப் பதிவு 2008.

பேங்கில் போய்க் கேட்டதற்கு, “இந்தக் கணக்கு இப்போது இல்லை” என்று சொல்லியிருக்கிறார்கள். பணத்தைப் பேங்கே விழுங்கிவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிட்டார்கள். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “வாங் தக் டிதுந்துத், அதாவது கோரப்படாத பணம் என்று அனுப்பிவிட்டீர்களா, எந்த வருஷம்?” சேமிப்புக் கணக்கில் ஒரு வருஷம் போட்டதும் எடுத்ததும் இல்லையென்றால் பேங்க் அதை உறங்கும் கணக்காக வைக்கும். ஏழு வருஷம் அப்படியே கிடந்தால், கோரப்படாத பணச் சட்டம் 1965-இன்படி, மிச்சத்தை அரசாங்கத் தலைமைக் கணக்காளர் துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும். 2008-இல் நின்ற கணக்கு 2015 வாக்கில் அங்கே போயிருக்கும். அதாவது அவர் உயிரோடு இருக்கும்போதே பணம் பேங்கை விட்டுக் கிளம்பிவிட்டது.

புத்தகத்தில் இருக்கும் பேங்கின் பெயரே இன்று இல்லை என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. பழைய பேங்குகள் பல 2000-ஐ ஒட்டி ஒன்றோடொன்று இணைந்தன. பசிபிக் பேங்க் மேபேங்கிலும், ஹொக் ஹுவா பப்ளிக் பேங்கிலும் சேர்ந்தன. அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1974-லேயே பேங்க் சிம்பானான் நேஷனல் ஆகிவிட்டது. பெயர் மாறினாலும் பொறுப்பு வாரிசு பேங்கிடம் வந்து சேரும்.

அடுத்தது தேடிய விதம். கோரப்படாத பணத்தைத் தேட egumis.anm.gov.my தளம் இருக்கிறது. இறந்தவர் விஷயம் என்றால் மரணச் சான்றிதழோடு துறையின் முகப்புக்கே போவதும் நல்லது. இவர்கள் பன்னிரண்டு இலக்கப் புதிய ஐ.சி. எண்ணைக் கொடுத்தார்கள், ஒன்றும் வரவில்லை. புதிய எண் 1990-இல்தான் வந்தது. அதற்கு முன் திறந்த கணக்கு பழைய ஏழு இலக்க எண்ணிலேயே கிடக்கலாம். மரணத்தைப் பதியும்போது இறந்தவரின் ஐ.சி.யைப் பதிவிலாகாவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒரு நகல்கூட எடுக்காமல் கொடுத்துவிட்டு, பிறகு பழைய எண்ணுக்காக அலைவதுதான் நான் அடிக்கடி பார்ப்பது. இவர்களை மூத்த மகனின் 1974 பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அப்பாவின் பழைய எண் அதில் அச்சாகி இருந்தது. அந்த எண்ணில் தேடியபோது 9,000 வெள்ளி இருப்பது தெரிந்தது.

பெயரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பேங்க் புத்தகத்தில் முனியாண்டி ஆங்கில ‘ஐ’யில் முடிவார், மரணச் சான்றிதழில் ‘ஒய்’யில் முடிவார். எழுதியவர்கள் நம் கிராணிகள்தான், யாரை நோவது! இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஓர் உறுதிமொழி எடுத்து, இரண்டு எண்ணும் தெரிகிற ஆவணத்தை அதோடு இணைத்தால் பெரும்பாலும் போதும். புதைப்பதற்கோ எரிப்பதற்கோ கொடுத்த அனுமதிச் சீட்டை மரணச் சான்றிதழ் என்று நினைத்துக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். அது செல்லாது. சான்றிதழ் தொலைந்திருந்தால் பதிவிலாகாவில் கேட்டு வாங்கலாம்.

பணம் இருப்பது தெரிந்த பிறகுதான் உண்மையான இடி. மரணச் சான்றிதழும் கோரிக்கைப் பாரமும் மட்டும் இருந்தால் பணம் வராது. இறந்தவர் சார்பாகப் பெற இவருக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லும் கடிதமோ உத்தரவோ வேண்டும். “அதுதான் 2022-இலேயே வாங்கிவிட்டோமே” என்று நில அலுவலக உத்தரவை நீட்டினார்கள். அதில் வீடு மட்டும்தான் இருந்தது. பட்டியலில் இல்லாத கணக்குக்கு அந்த உத்தரவு உதவாது.

அப்புறம் என்ன, மறுபடியும் நில அலுவலகம்தான். முதலில் விட்டுப்போன சொத்துக்கான தொடர் விண்ணப்பத்துக்குப் ‘பி’ பாரம் என்று தனியாக இருக்கிறது. பினாங்கின் முதல் எழுத்தான ‘பி’. பழைய உத்தரவின் நகல், மரணச் சான்றிதழ், கோரப்படாத பணத் தேடலின் முடிவு எல்லாவற்றையும் அதோடு வைக்க வேண்டும். வாரிசுகளை மறுபடி விசாரணைக்கு அழைப்பார்கள். இளைய மகன் ஜொகூரிலிருந்து ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தான். முதல் பாரத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் இந்தப் பயணம் மிச்சம்.

பங்கு எப்படிப் பிரியும் என்பதில் குடும்பத்தில் சின்ன மனக்கசப்பு வந்தது. வீட்டை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்ததால் இந்தப் பணமும் முழுக்க அம்மாவுக்கே என்று நினைத்தார்கள். உயில் இல்லாத, முஸ்லிம் அல்லாதவருக்குப் பங்கீட்டுச் சட்டம் 1958 பொருந்தும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. 9,000-இல் அம்மாவுக்கு 3,000, பிள்ளைக்குத் தலா 2,000. பெற்றோரில் ஒருவர் இருந்தாலும் கணக்கு மாறும்: மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. அம்மாவுக்கே முழுதும் கொடுக்க நினைத்தால் அந்தச் சம்மதத்தையும் விசாரணையில் புதிதாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குச் சொன்னது இதற்குச் சேராது.

இவர்களிடம் வீடு இல்லாதிருந்தால் இன்னொரு கதவும் உண்டு. உயிலும் நிலமும் வீடும் இல்லாமல் 6 லட்சம் வெள்ளிக்கு மேற்படாத பணம் மட்டும் இருந்தால் அரசாங்க அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவுக்குப் போகலாம். கட்டணம் எடுப்பார்கள், ஆனால் 9,000 வெள்ளிக்காக வக்கீல் வைத்து உயர்நீதிமன்றம் போவதற்கு இது எவ்வளவோ மேல். பட்டாவில் பெயர் இருக்கிறதா என்பதை அதனால்தான் நான் முதலில் கேட்பேன்.

பைக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் உத்தரவு தேவை என்றும் நினைக்க வேண்டாம். சேமநிதியில் வாரிசாகப் பெயர் குறித்திருந்தால், முஸ்லிம் அல்லாதவரின் அந்தப் பணம் குறிக்கப்பட்டவருக்கு நேராகப் போகும். துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ் நம்மூர்ப் பழைய பெட்டிகளில் அடிக்கடி கிடைக்கும். அதற்கும் வாரிசு நியமனம் இருக்கிறதா என்று சங்கத்தில் கேட்டுவிட்டு, இல்லையென்றால் மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா பணத்தை வாங்கிய மறுவாரம் அதே பிஸ்கட் டின்னோடு வந்தார். அடியில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதையும் தூக்கிப் பார்த்தோம். இந்த முறை வெறும் மின்கட்டண ரசீதுகள்தான்.